5 பிக்கோஃபரட் 900 ஆகும் இடம்

பொகவந்தலாவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஹட்டனுக்கு என்னிடம் பௌதிகவியல் படிக்க வரும் பையன் ஒருவன் ஒரு சனிக்கிழமை பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தான். டின்னுக்குள் பிரெட்போர்ட், அதன்மேல் இரண்டு BC547 ட்ரான்சிஸ்டர். அவர்கள் லயம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை நிற்பதால் எஃப்எம் அலை அங்கே சரியாக இறங்குவதில்லை. மத்திய அலை மட்டும் மலையைச் சுற்றிக்கொண்டு எப்படியோ வந்துவிடும். இரவில் தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேர்ட்ஸ் கேட்டுப் பழகியவர் அவனுடைய தாத்தா. அந்த மெல்லிய சிக்னலைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும் என்பது பேரனின் ஆசை.

“சேர், இது 300 மெகாஹேர்ட்ஸ் ட்ரான்சிஸ்டர்னு டேட்டா ஷீட்ல போட்டிருக்கு. நான் கேக்குறது வெறும் 1 மெகாஹேர்ட்ஸ். அதுக்கே ஏன் சேர் படுத்துருச்சு?”

நல்ல கேள்வி. விடையின் பெயர் மில்லர் விளைவு. முதலில் அவன் கட்டியிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான இரண்டு நிலைகள், ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் 9 வோல்ட் வழங்கல், கலெக்டரில் 4.7 கிலோஓம், எமிட்டரில் 1 கிலோஓம், அதற்குக் குறுக்கே சிக்னலைத் தரைக்கு விடும் கொள்ளளவி, பேஸை நிறுத்த 47 கிலோஓமும் 10 கிலோஓமும். ட்ரான்சிஸ்டர் வழியாகக் கிட்டத்தட்ட 1 மில்லியம்பியர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் எமிட்டருக்குள்ளே இருக்கும் தடை ஏறக்குறைய 26 ஓம். 4700-ஐ 26-ஆல் வகுத்தால் 180. ஆக ஒரு நிலையின் பெருக்கம் 180, திசை தலைகீழ்: பேஸ் ஏறினால் கலெக்டர் இறங்கும்.

முதல் நிலையை மட்டும் தனியாக சிக்னல் ஜெனரேட்டரில் போட்டுப் பார்த்தோம். கீழ் மீடிறன்களில் 180 வந்தது. 1 மெகாஹேர்ட்ஸிலும் சுமார் 100 கிடைத்தது. பிறகு இரண்டையும் இணைத்தோம். இரண்டு தடையி போட்டு ஜெனரேட்டரின் சிக்னலை நன்றாகக் குறைத்துக் கொடுத்து அளந்தால் 1 கிலோஹேர்ட்ஸில் 14,000 மடங்கு. 1 மெகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினால் 1,000 மடங்குதான். அதாவது இரண்டாவது நிலையைச் சேர்த்ததால் கிடைத்த லாபம் பத்து மடங்கு மட்டும். பையன் எதிர்பார்த்தது நூற்றுக்கு மேல்.

அவன் முதலில் ட்ரான்சிஸ்டரைச் சந்தேகப்பட்டான். மாற்றிப் பார்த்தான், அதே கதை. இணைக்கும் கொள்ளளவியைச் சந்தேகப்பட்டான். பெரிதாகப் போட்டான், அதே கதை. கடைசியில் கடைக்காரர் போலிச் சரக்கு கொடுத்துவிட்டார் என்ற முடிவுக்கே வந்திருந்தான். நல்லவேளை, அதைக் கடையில் போய்ச் சொல்லுமுன் என்னிடம் வந்தான்.

குற்றவாளி பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் 5 பிக்கோஃபரட். அதில் சுமார் 3 பிக்கோஃபரட் ட்ரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. பேஸ்-கலெக்டர் சந்தி பின்னோக்கிச் சார்ந்திருப்பதால் நடுவில் ஒரு வெறுமைப் படை உண்டு, இரண்டு பக்கமும் ஏற்றம் உண்டு. அதுவே ஒரு சின்னக் கொள்ளளவிதான். மிச்சம் 2 பிக்கோஃபரட் பிரெட்போர்டின் கொடை. BC547-இன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில் இருப்பதால் கலெக்டரும் பேஸும் பக்கத்துப் பக்கத்து உலோகப் பட்டைகளில் விழுகின்றன. பிரெட்போர்டில் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஓரிரண்டு பிக்கோஃபரட் எப்போதும் இருக்கும்.

5 பிக்கோஃபரட் என்பது ஒன்றுமில்லாத அளவு. 1 மெகாஹேர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 30 கிலோஓமுக்கும் மேல். 2 கிலோஓம் தடையுள்ள இடத்தில் அதைப் போட்டால் யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் அது நிற்கும் இடம் சாதாரண இடமல்ல.

ஏற்றத்தைக் கணக்குப் பார்ப்போம். பேஸை 1 மில்லிவோல்ட் உயர்த்துகிறோம் என்று வையுங்கள். அதே நேரம் கலெக்டர் 180 மில்லிவோல்ட் இறங்குகிறது. அந்த 5 பிக்கோஃபரட்டின் ஒரு முனை மேலே 1, மறு முனை கீழே 180. அதன் குறுக்கே வோல்ற்றளவு மாறியது 1 அல்ல, 181 மில்லிவோல்ட். கொள்ளளவி ஒன்றை 181 மில்லிவோல்ட் மாற்ற எவ்வளவு ஏற்றம் தேவையோ அவ்வளவையும் பேஸ் பக்கத்தில் இருக்கும் மூலம்தான் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை, அந்தத் தகட்டுக்குக் கம்பி போகிற பாதை அது ஒன்றுதான். பாவம், அந்த மூலத்துக்குத் தெரிந்ததெல்லாம் தன் பக்கத்து 1 மில்லிவோல்ட் மட்டும். “நான் 1 மில்லிவோல்ட் ஏற்றினேன், இவ்வளவு ஏற்றத்தை விழுங்கிவிட்டதே” என்று அது பார்த்தால், அதன் கணக்கில் அங்கே இருப்பது 5 பிக்கோஃபரட் அல்ல, 5-ஐ 181-ஆல் பெருக்கிய 905 பிக்கோஃபரட்.

வகுப்பில் இதைச் சொல்ல நான் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வேன். தோட்டத்துப் படிக்கட்டில் ஒரு முனையை நீ பிடி, மறு முனையை உன் கூட்டாளி பிடிக்கட்டும். நீ ஒரு படி ஏறும்போதெல்லாம் அவன் 180 படி இறங்க வேண்டும் என்று ஒப்பந்தம். நீ ஏறியது ஒரே படி, ஆனால் கையில் உணரும் இழுப்பு 181 படிக்கானது. கண்ணை மூடிக்கொண்டால் நீ பிடித்திருப்பது டியூப் அல்ல, லொறியின் ஸ்பிரிங் என்றுதான் நினைப்பாய். டியூப் மாறவில்லை. மறு முனையில் இருப்பவன்தான் ஓடுகிறான். இந்த உவமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. அறுந்துவிடும்.

சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

C_in = C_be + C_cb × (1 + A)

A என்பது தலைகீழாக்கும் பெருக்கத்தின் அளவு. C_cb நாம் பார்த்த அந்த 5 பிக்கோஃபரட். C_be பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலானது. எமிட்டர் சிக்னலைப் பொறுத்தவரை தரையில் இருப்பதால் அதற்குப் பெருக்கம் கிடையாது. இந்த ஓட்டத்தில் அது சுமார் 40 பிக்கோஃபரட். ஆக மொத்தம் 905 + 40, அதாவது 945 பிக்கோஃபரட். வேடிக்கையைப் பாருங்கள்: உண்மையிலேயே பெரிய கொள்ளளவி 40, ஆனால் உள்ளீட்டை ஆட்டிப்படைப்பது எட்டில் ஒரு பங்கான 5.

சூத்திரத்தில் இருக்கும் அந்த 1 சிலருக்குக் குழப்பம். பேஸ் தானே ஏறிய அந்த 1 மில்லிவோல்ட்தான் அது. கலெக்டர் அசையாமல் நின்றாலும் அந்த ஒரு பங்கு இருக்கும். அதேபோல் கலெக்டர் இறங்குவதற்குப் பதில் பேஸோடு சேர்ந்து அதே அளவு ஏறினால் கொள்ளளவியின் குறுக்கே மாற்றமே இருக்காது, ஏற்றமும் வேண்டாம், கொள்ளளவம் மறைந்தே போகும். எமிட்டர் பின்தொடரியில் பேஸ்-எமிட்டர் கொள்ளளவம் சுருங்குவது அதனால்தான். ஆக இங்கே வினை தலைகீழ் என்பதில் இருக்கிறது. பெருக்கம் பெரிதாக இருப்பது அந்த வினையை வளர்க்கிறது.

சரி, 945 பிக்கோஃபரட் இருந்தால் என்ன? அதை நிரப்ப வேண்டிய மூலத்தின் தடையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிலைக்கு மூலம் முதல் நிலையின் கலெக்டர். அங்கே 4.7 கிலோஓம் இருக்கிறது. அதற்குச் சமாந்தரமாக 47, 10 கிலோஓம் இரண்டும் சேர்ந்து 8.2 கிலோஓம். ட்ரான்சிஸ்டரின் பேஸே தன் பங்குக்கு 6.5 கிலோஓம் போலத் தெரிகிறது. மூன்றையும் சமாந்தரமாகச் சேர்த்தால் ஏறக்குறைய 2 கிலோஓம். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சூத்திரம்:

f = 1 / (2π R C)

2.05 கிலோஓம், 945 பிக்கோஃபரட் என்று போட்டால் 80 கிலோஹேர்ட்ஸை ஒட்டி வரும். அதுதான் இந்த இணைப்பின் பட்டை அகலம். அதற்கு மேலே மீடிறன் எத்தனை மடங்கு ஏறுகிறதோ பெருக்கம் அத்தனை மடங்கு இறங்கும். 1053-ஐ 80-ஆல் வகுத்தால் 13. பையன் அளந்த 14,000 ஏன் 1,000 ஆனது என்பதற்கு விடை அந்த 13-தான். கடைக்காரர் தப்பினார்.

தனியாகப் போட்டபோது ஏன் நன்றாக இருந்தது? அப்போது மூலம் ஜெனரேட்டரின் 50 ஓம். அதே 945 பிக்கோஃபரட் அப்போதும் இருந்தது. பையன் கட்டிய நிலைகள் இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் 50 ஓமும் பேஸின் உள்தடையான நூறு ஓம் அளவும் சேர்ந்து அதை எளிதாக நிரப்பிவிட்டன. நிலையைத் தனியாக ஜெனரேட்டரில் சோதித்து “பாஸ்” என்று சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். ஜெனரேட்டர் எதையும் தூக்கும் ஆள், முதல் நிலையின் கலெக்டர் அப்படியில்லை.

இனி அந்த 300 மெகாஹேர்ட்ஸ். டேட்டா ஷீட் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். BC547-க்குப் போடப்படும் அந்த அளவு 10 மில்லியம்பியரில் எடுக்கப்படுவது, பையன் ஓட்டியது 1 மில்லியம்பியர். அதைவிட முக்கியமானது இன்னொன்று: அந்த மீடிறனுக்கு வரையறையே கலெக்டரை ஆடலோட்டத்துக்குக் குறுக்குச் சுற்றாக்கி எடுக்கும் மின்னோட்டப் பெருக்கம். கலெக்டர் குறுக்குச் சுற்றில் இருந்தால் அதன் வோல்ற்றளவு அசையாது. அசையாவிட்டால் வோல்ற்றளவுப் பெருக்கம் பூச்சியம். 1 + A என்பது வெறும் 1. நாம் இவ்வளவு நேரம் பேசிய விளைவு நடக்கவே இடமில்லாத ஒரு நிலையில் எடுத்த எண் அது. ஆகவே பொது எமிட்டர் நிலை ஒன்றின் பட்டை அகலத்தை அந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது. டேட்டா ஷீட்டில் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் கீழே, கலெக்டர்-பேஸ் கொள்ளளவம் என்று சிறியதாக ஒரு வரி இருக்கும், அதைத்தான். பெரும்பாலும் அதை யாரும் படிப்பதில்லை.

இதுவரை சொன்னது கணக்கு. கணக்கை நம்பாத பையன்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவனும் நம்பவில்லை. “அந்த 905 பிக்கோஃபரட்டை மீட்டரில் காட்டுங்க சேர்” என்றான். காட்ட முடியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு பேஸில் கொள்ளளவ மீட்டர் வைத்தால் பெருக்கம் இல்லை, கலெக்டர் அசையாது, 905 எங்கேயும் தெரியாது. சுற்று உயிரோடு இருக்கும்போது மட்டும் இருக்கும் கொள்ளளவம் இது. அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

முதல் நிலையைக் கழற்றிவிட்டோம். ஜெனரேட்டருக்கும் இரண்டாவது நிலையின் பேஸுக்கும் நடுவில் ஒரு 4.7 கிலோஓம் தடையியை வைத்தோம், முதல் நிலையின் கலெக்டர் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கொடுத்த சிக்னல் 5 மில்லிவோல்ட். ஜெனரேட்டரிலிருந்து கலெக்டர் வரை கீழ் மீடிறனில் பெருக்கம் 78. 180 இல்லையே என்று பயப்பட வேண்டாம், 4.7 கிலோஓமும் உள்ளீட்டுத் தடையும் சிக்னலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மீடிறனை ஏற்றிக்கொண்டே போனால் 80 கிலோஹேர்ட்ஸை ஒட்டி அது 0.7 மடங்காகக் குறைந்தது. 1053-இல் 6 தான் மிச்சம்.

அடுத்தது ஒரு 10 பிக்கோஃபரட் செராமிக் கொள்ளளவி. பேஸுக்கும் தரைக்கும் இடையில் குத்தினோம். ஸ்கோப்பில் ஒன்றும் மாறவில்லை. 945-உடன் 10 சேர்ந்தால் யாருக்குத் தெரியும்? அதே கொள்ளளவியைப் பிடுங்கி, இந்த முறை பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் குத்தினோம். பட்டை அகலம் 80-இலிருந்து 27 கிலோஹேர்ட்ஸுக்கு விழுந்தது. ஒரே துண்டு, ஒரு கால் மட்டும் இடம் மாறியது. 5 இருந்த இடத்தில் 15 ஆகிவிட்டது, அதை 181-ஆல் பெருக்கினால் 2,700 பிக்கோஃபரட்டுக்கு மேல். பையன் கொஞ்ச நேரம் அந்தக் காலை இங்கும் அங்கும் மாற்றிக் குத்திக்கொண்டே இருந்தான். நான் தடுக்கவில்லை.

மூன்றாவது சோதனை கலெக்டர் தடையியை 4.7-இலிருந்து 2.2 கிலோஓமாக மாற்றுவது. உள்ளீட்டுப் பக்கத்தில் எதையும் தொடவில்லை. ஆனால் உள்ளீடுதான் வேகமாகியது: பட்டை அகலம் 150 கிலோஹேர்ட்ஸைத் தாண்டியது. பெருக்கம் பாதியாகியது, 181 என்பது 86 ஆனது, தோற்றக் கொள்ளளவமும் கிட்டத்தட்ட பாதி. சாதாரணக் கொள்ளளவமாக இருந்தால் வெளியீட்டில் போட்ட தடையி உள்ளீட்டின் வேகத்தை இப்படி மாற்றாது. வெளியீட்டைத் தொட்டால் உள்ளீடு துள்ளுகிறது என்றால் நடுவில் இந்த விளைவு இருக்கிறது என்று கொள்ளலாம். என்னைக் கேட்டால் மூன்று சோதனைகளில் 10 பிக்கோஃபரட் சோதனைதான் சிறந்தது, ஐந்து ரூபாய்த் துண்டு ஒன்றால் முடிந்துவிடுகிறது.

ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புரோபை பத்தில் ஒன்று நிலையில் வையுங்கள், அப்போது அது சுமார் 15 பிக்கோஃபரட் பாரம்தான். ஒன்றுக்கு ஒன்று நிலையில் கேபிளின் கொள்ளளவமும் சேர்ந்து நூறு பிக்கோஃபரட் வரை ஏறிவிடும். கலெக்டரில் அந்தப் பாரம் விழுந்தால் நீங்கள் அளப்பது உங்கள் புரோபைத்தான்.

மில்லர் விளைவு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஜோன் மில்டன் மில்லர் என்ற அமெரிக்கர் 1920-இல் வெளியான ஆய்வுத்தாளில் இதை விளக்கினார். அப்போது ட்ரான்சிஸ்டர் கிடையாது, மூன்று மின்வாய் கொண்ட வெற்றிடக் குழாய்தான். கிரிட்டுக்கும் ஏனோடுக்கும் இடையிலான சில பிக்கோஃபரட், குழாயின் பெருக்கத்தால் பெரிதாகி, அந்தக் கால வானொலிகளையும் இதே மாதிரிதான் பாடாய்ப் படுத்தியது. குழாய்க்காரர்கள் கண்ட தீர்வு கிரிட்டுக்கும் ஏனோடுக்கும் நடுவில் இன்னொரு திரைக் கிரிட்டை வைத்து, அதை சிக்னலுக்குத் தரையாக்கிவிடுவது. ஓடும் முனையும் பிடித்திருக்கும் முனையும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் ஒரு சுவர்.

ட்ரான்சிஸ்டரில் அதே எண்ணத்துக்கு கேஸ்கோட் என்று பெயர். பையனுக்கு நான் போடச் சொன்னது அதுதான். இரண்டாவது நிலையின் ட்ரான்சிஸ்டருக்கு மேலே இன்னொரு BC547-ஐ நிறுத்துகிறோம். கீழே இருப்பதன் கலெக்டர் மேலே இருப்பதன் எமிட்டரில் போய்ச் சேரும். 4.7 கிலோஓம் தடையி மேலுள்ளதன் கலெக்டருக்கு மாறும். மேலுள்ளதன் பேஸை இரண்டு தடையிகளால் 3 வோல்ட் அளவில் நிறுத்தி, 100 நனோஃபரட் கொள்ளளவி ஒன்றால் தரைக்கு இறுக்கிவிட வேண்டும்.

இப்போது கீழ் ட்ரான்சிஸ்டருக்குப் பாரம் 4.7 கிலோஓம் அல்ல. மேல் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் அதற்கு வெறும் 26 ஓமாகத் தெரிகிறது. 26-ஐ 26-ஆல் வகுத்தால் பெருக்கம் 1. பேஸ் 1 மில்லிவோல்ட் ஏறினால் கீழ் கலெக்டர் 1 மில்லிவோல்ட்தான் இறங்கும். படிக்கட்டுக் கூட்டாளி 180 படி ஓடுவதை நிறுத்திவிட்டு ஒரே படியோடு நின்றுவிட்டான். 5 பிக்கோஃபரட் இரண்டு மடங்காகி 10, அதோடு பெருக்கமற்ற 40, மொத்தம் 50. முன்பு 945.

பெருக்கம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. கீழ் ட்ரான்சிஸ்டர் தந்த மின்னோட்டம் அப்படியே மேல் ட்ரான்சிஸ்டர் வழியாக 4.7 கிலோஓமுக்குப் போகிறது, அங்கே பழைய 180 உருவாகிறது. மேலே கலெக்டர் 180 மில்லிவோல்ட் ஆடத்தான் செய்யும். ஆனால் அதன் பேஸ் தரையில் கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆட்டம் உள்ளீட்டுக்குத் திரும்பி வர வழியில்லை.

2.05 கிலோஓமுக்கு 50 பிக்கோஃபரட் என்றால் உள்ளீட்டு எல்லை 1.5 மெகாஹேர்ட்ஸ். வெளியீட்டில் 4.7 கிலோஓமும் புரோபோடு சேர்ந்த 20 பிக்கோஃபரட்டும் 1.7 மெகாஹேர்ட்ஸில் தங்கள் எல்லையைப் போடும். இரண்டும் சேர்ந்து பட்டை அகலம் 1 மெகாஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். 1053-இல் முன்பு 6 மடங்கு தந்த அதே இணைப்பு இப்போது 55-ஐ ஒட்டித் தருகிறது. செலவு ஒரு ட்ரான்சிஸ்டர், இரண்டு தடையி, ஒரு கொள்ளளவி, அப்புறம் 9 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேலே இடம். அந்த 100 நனோஃபரட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். பையன் முதல் தடவை மறந்தான். மேல் பேஸ் அந்தரத்தில் ஆடினால் அது தரை இல்லை, சுவரும் இல்லை.

கேஸ்கோட் தவிர வேறு வழிகளும் உண்டு. நடுவில் எமிட்டர் பின்தொடரி ஒன்றைப் போட்டு 945 பிக்கோஃபரட்டை அப்படியே விட்டு, அதை நிரப்பும் தடையைச் சிறிதாக்கலாம். எமிட்டரில் கொஞ்சம் தடையைத் தரைக்கு விடாமல் வைத்துப் பெருக்கத்தைக் குறைக்கலாம், பெருக்கம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால். பிரெட்போர்டை விட்டுவிட்டு நேராகச் சாலிடர் பண்ணினால் 5 பிக்கோஃபரட் 3 ஆகும், அதுவே 350 பிக்கோஃபரட்டுக்கு மேல் மிச்சப்படுத்தும். எனக்குப் பிடித்தது கேஸ்கோட்தான். பெருக்கத்தைத் தொடாமல் வேலையை முடிக்கிறது.

இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. 741 செயற்பாட்டு விரியலாக்கிக்குள் 30 பிக்கோஃபரட் கொள்ளளவி ஒன்று பெரிய பெருக்கமுள்ள உள்நிலை ஒன்றின் குறுக்கே போடப்பட்டிருக்கிறது. அது பெருகி, சில ஹேர்ட்ஸிலேயே பெருக்கத்தைச் சரிக்கத் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய கொள்ளளவியைச் சிலிக்கனில் செய்ய இடமே போதாது. பின்னூட்டம் போடும்போது சுற்று ஊளையிடாமல் இருக்க அங்கே பட்டை அகலத்தைத் தெரிந்தே பலி கொடுத்திருக்கிறார்கள்.

சூத்திரத்துக்கு எல்லையும் இருக்கிறது. A என்று நாம் போட்ட 180 கீழ் மீடிறனுக்குரியது. வெளியீட்டில் பெரிய கொள்ளளவம் விழுந்து பெருக்கம் முன்கூட்டியே குறையத் தொடங்கினால் பெருகிய கொள்ளளவமும் அதோடு குறையும். கொஞ்சம் தடை போன்ற ஒன்றும் உள்ளீட்டில் தோன்றும். அங்கே 1 + A என்று கண்ணை மூடிப் போட்டால் கணக்கு தப்பும். பையனுடைய சுற்றில் 80 கிலோஹேர்ட்ஸ் என்பது அந்த எல்லைக்கு நன்றாக உள்ளே இருந்ததால் கணக்கும் அளவும் ஒத்துப்போயின.

கேஸ்கோட் போட்டு இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். இந்த முறை ஒரு புதிய புகார். முதல் நிலை இன்னும் பழைய பொது எமிட்டர்தான். அதன் கலெக்டரில் தடையிக்குப் பதிலாக, பழைய வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய சுருளைப் போட்டிருந்தான், பெருக்கம் கூடும் என்று. டயலைத் திருப்பினால் ஒரே விசில். “இது வேற நோய்தானே சேர்?”

அதே நோய்தான். கலெக்டரில் சுருள் இருந்தால் கலெக்டரின் ஆட்டம் சரியாகத் தலைகீழாக இல்லாமல் கால் சுழற்சி வரை விலகி நிற்கும். அப்போது அந்த 5 பிக்கோஃபரட் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டம் கொள்ளளவ மின்னோட்டமாக மட்டும் இருக்காது. அதில் ஒரு பகுதி பேஸுக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கும், உள்ளீட்டில் மறைத் தடை ஒன்று நிற்பதுபோல. உள்ளீட்டுச் சுருளின் இழப்பை அது ஈடுகட்டிவிட்டால் சுற்று தானாகவே பாடத் தொடங்கும். மில்லரின் ஆய்வுத்தாளே பாரம் தூண்டலாக இருக்கும்போது உள்ளீட்டுத் தடை மறையாகலாம் என்று காட்டியிருந்தது. சுருளுக்குக் குறுக்கே 4.7 கிலோஓமை வைத்தோம், விசில் அடங்கியது. அடுத்த வாரம் முதல் நிலைக்கும் கேஸ்கோட் போடுவதாகச் சொல்லிவிட்டுப் பிஸ்கட் டின்னை மூடி எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.